கவனக்குறைவு மருந்தும் நாடித்துடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் நலப் பிரிவின் புற நோயாளிகள் வரிசையில் நாடி எண்ணியே பல வருடம் ஓட்டிய நர்ஸ் நான். ஏடிஹெச்டிக்கு மாத்திரை எழுதி வாங்கிய பெற்றோர், டாக்டர் அறையில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. பெரியவர்கள் தங்களுக்காகக் கேட்டவையும் உண்டு. பசி, தூக்கம், எடை பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை, நாடி மட்டும்தான்.

இந்த மாத்திரை சாப்பிட்டால் நாடி எவ்வளவு ஏறும்?

பெரும்பாலும் கொஞ்சம்தான். நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது மெத்தில்பெனிடேட். அது சராசரியாக நிமிஷத்துக்கு 3 முதல் 6 துடிப்பு வரை ஏற்றும். பிரஷர் 2 முதல் 4 புள்ளி ஏறலாம். பெரியவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். இவ்வளவு சின்ன ஏற்றம் பலருக்கு உடம்பில் தெரியவே தெரியாது.

ஆனால் சராசரி என்ற சொல்லை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஒன்றுமே ஏறாமல், மூன்று பேருக்கு ஏழெட்டு ஏறி, மிச்சமிருக்கும் ஒருவருக்கு 20 ஏறினாலும் சராசரி இதே அளவில்தான் வந்து நிற்கும். நம் பிள்ளை அந்தப் பத்தாவது ஆளா என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எல்லா மருந்தும் ஏற்றுவதில்லை. குளோனிடின், குவான்ஃபசின் இரண்டும் நாடியையும் பிரஷரையும் இறக்கும். அதனால் 'கவனக்குறைவு மருந்து' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

மருந்து மூளைக்குத்தானே? இதயம் ஏன் வேகமாக அடிக்கிறது?

மெத்தில்பெனிடேட் மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. கவனம் நிற்பது அதனால்தான். நார்அட்ரினலின் மூளையோடு நிற்பதில்லை; இதயத்துக்குப் போகும் நரம்புகளும் அதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அங்கேயும் அது கொஞ்சம் கூடுதலாக நிற்கும்போது இதயம் ஒரு படி வேகமாக ஓடுகிறது. இதயத்தில் கோளாறு வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மருந்து ரத்தத்தில் இருக்கும்வரை ஏறும், போனதும் இறங்கும்.

என் மகனுக்கு 96 காட்டுகிறது. 72தானே நார்மல்? பயமாக இருக்கிறது.

72 பெரியவர்கள் கணக்கு. ஆரம்பப் பள்ளி வயதில், விழித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 75 முதல் 118 வரை இயல்புதான். வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வந்து, பதின்ம வயதில் பெரியவர்களின் 60 முதல் 100க்குள் வந்து நிற்கும்.

ஆகவே 96 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்துக்கு முன் அவனுக்கு 92 இருந்திருந்தால் இது ஒன்றுமே இல்லை. 70 இருந்திருந்தால் 26 ஏறியிருக்கிறது. டாக்டருக்குச் சொல்ல வேண்டிய விஷயம். மருந்து தொடங்கும் முன் எடுத்த கணக்கு கையில் இல்லை என்றால் இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் மாத்திரை கொடுக்கும் முன்பே மூன்று நாள் எண்ணி எழுதி வையுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வேன். பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். அப்புறம் அவர்கள்தான் போன் செய்வார்கள்.

ஈசிஜி எடுக்காமலே மாத்திரை எழுதிவிட்டார். இது சரியா?

பல சமயம் சரிதான். இது பழைய விவாதம். 2008ல் அமெரிக்க இதயச் சங்கம் மருந்துக்கு முன் ஈசிஜி எடுப்பது நியாயம் என்று சொன்னது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு எல்லோருக்கும் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று மறுத்தது. இங்கிலாந்தின் 2018 வழிகாட்டியும், இதயம் தொடர்பான வரலாறோ அறிகுறியோ இல்லாதவருக்கு ஈசிஜி தேவையில்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் நாடி, பிரஷர், உயரம், எடை, இதயச் சத்தம் இவற்றைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், ஈசிஜியைவிட அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் முக்கியம். 'வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிரச்சினை உண்டா?' என்று கேட்டால் எல்லோரும் தாத்தாவின் மாரடைப்பைச் சொல்கிறார்கள். எழுபது வயதில் வந்த மாரடைப்பு இங்கே பெரிதாக உதவாது. டாக்டர் தேடுவது, நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர்களை. குறிப்பாகப் பெற்றோர், உடன்பிறந்தவர்கள். அடுத்த உறவுகளில் நடந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

அந்த மரணங்களை நம் வீடுகளில் இதயத்தோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். 'படுத்தவன் எழுந்திருக்கவில்லை' என்பார்கள். 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்பார்கள். ஒரு அம்மா, தன் அண்ணன் பதினெட்டு வயதில் கிணற்றில் இறந்ததாக வேறு ஏதோ பேச்சில் சொன்னார். நீச்சல் தெரியாதவரா என்று கேட்டேன். 'ஊரிலேயே நல்லா நீந்துறவன்' என்றார். நன்றாக நீந்தத் தெரிந்தவர் காரணமில்லாமல் மூழ்கினால், இதயத்தின் மின் ஓட்டத்தில் வரும் ஒரு பரம்பரைக் கோளாறு அதற்குப் பின்னால் இருக்கலாம். நீந்தும்போது தாளம் தவறி மயக்கம் வரும் வகை அது. திடீரென்று அலாரம் அடித்தாலோ யாராவது பயமுறுத்தினாலோ மயங்கி விழுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு ஈசிஜி எடுத்து இதய மருத்துவர் பார்த்த பிறகுதான் மாத்திரை தொடங்கினார்கள்.

ஓடும்போது மயக்கம், சக பிள்ளைகளைவிட அதிகமாக மூச்சு வாங்குதல், சுவிட்ச் போட்டதுபோலத் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் படபடப்பு, பிறவி இதயக் குறை, இதய ஆபரேஷன், டாக்டர் முன்பு எப்போதோ 'இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது' என்று சொன்னது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எப்படி எண்ணுவது? கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருக்கிறது, அது போதுமா?

போதும். ஆனால் எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம். திரையில் SpO2 என்று இருப்பது ஆக்சிஜன், PR அல்லது bpm என்று இருப்பது நாடி. 'நாடி 98, தினமும் மாறாமல் 98' என்று ஒரு மாதக் கணக்கைக் கொண்டுவந்த அப்பா உண்டு. அவர் எழுதியது அத்தனையும் ஆக்சிஜன். சில மெஷின்களைத் தலைகீழாகப் பிடித்தால் எண்ணும் தலைகீழாகத் தெரியும். 86ஐ 98 என்று படித்தவர்களும் இருக்கிறார்கள்.

விரல் சில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ, பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாலோ எண் தாவும். கையை ஆட்டாமல் வைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கையால் எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, உங்கள் நாடியை எண்ணிவிடுவீர்கள். முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் நான்கு போய்விடும். நாம் தேடுவதோ ஐந்து, பத்துத் துடிப்பு வித்தியாசத்தை.

எண்ணும் முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள். மொபைல் கேம் வேண்டாம், அதுவே ஏற்றும். சாப்பிட்ட உடனே, அழுத உடனே, மாடிப்படி ஏறி வந்த உடனே எண்ண வேண்டாம்.

எண்ணும்போது குழந்தைக்குத் துடிப்பு மூச்சை இழுக்கையில் வேகமாகவும் விடுகையில் மெதுவாகவும் போவது தெரியலாம். அது குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் இயல்பு. மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் அடிக்கடி துடிப்பு விட்டு விட்டு வந்தால் சொல்லுங்கள். இதை ஆக்ஸிமீட்டர் காட்டாது, விரலுக்குத்தான் தெரியும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. மருந்து ஒத்துக்கொண்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கிற நேரத்தில் மருந்தே உடம்பில் இல்லாமல் இருக்கலாம். சாதாரண மெத்தில்பெனிடேட் மாத்திரை விழுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடியும். காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று கொடுத்தால் ஆறு மணிக்கு அவன் கிட்டத்தட்ட மருந்தில்லாத பிள்ளை.

காலையில் ஒரே ஒரு முறை கொடுக்கும், மெதுவாகக் கரையும் வகை என்றால் கதை வேறு. அதில் சில தயாரிப்புகள் ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். உங்கள் மாத்திரை எந்த வகை, எப்போது உச்சம் என்று டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு, அந்த நேரத்தில் எண்ண வேண்டும்.

சரி, பத்து மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பானே? அதனால் சனி, ஞாயிறு எண்ணச் சொல்கிறோம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'லீவு நாளில் மாத்திரை வேண்டாம்' என்று பல வீடுகளில் சனி, ஞாயிறு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது எண்ணுவது மருந்தில்லாத நாடி. மருந்து தொடங்கும் வாரங்களிலும் அளவைக் கூட்டும் வாரங்களிலுமாவது லீவு நாளிலும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால்தான், ஆஸ்பத்திரிக்கு வரும் நாளிலும் வழக்கம்போல மாத்திரை கொடுத்துவிட்டுக் கூட்டி வரச் சொல்கிறோம். 'டெஸ்ட் எடுப்பாங்களே' என்று வெறும் வயிற்றில், மாத்திரையும் கொடுக்காமல் கூட்டி வந்தால் அன்று நாங்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு பிள்ளையின் கணக்கை முழுசாகச் சொல்லிக் காட்டுங்களேன்.

ஒன்பது வயதுப் பையன், 28 கிலோ. குடும்பத்தில் இதய வரலாறு இல்லை. டாக்டர் மெத்தில்பெனிடேட் 5 மில்லிகிராம் காலை, மதியம் என்று எழுதுகிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்து 10 ஆக்கலாம் என்பது திட்டம்.

அம்மா, மருந்து தொடங்கும் முன் மூன்று நாள் காலை பத்து மணிக்கு எண்ணுகிறார்: 84, 88, 86. சராசரி 86. இதுதான் அவனுடைய சொந்த அளவு. இனி எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

5 மில்லிகிராம் வாரத்தில், மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மூன்று நாள்: 88, 92, 90. சராசரி 90, அதாவது நான்கு ஏற்றம். டாக்டர் பிரஷரையும் பார்த்துவிட்டு 10 ஆக்குகிறார். அந்த வாரம்: 94, 99, 95. சராசரி 96. முதல் அளவைவிடப் பத்து அதிகம். பையனுக்குப் படபடப்பு இல்லை, மார்பு வலி இல்லை, வயதுக்குரிய எல்லைக்குள்தான் இருக்கிறது. மருந்து தொடர்கிறது.

நாலாவது வாரம் ஒரு நாள் அம்மா பதறிப் போய் அழைக்கிறார். ஆக்ஸிமீட்டரில் 128. என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், முதல் நாள் இரவிலிருந்து காய்ச்சல். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சளி சிரப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் மாடியிலிருந்து ஓடி வந்ததும் மெஷினை மாட்டியிருக்கிறார். மூன்றும் தனித்தனியாக ஏற்றக்கூடியவை. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே நாடி ஏறக்குறைய பத்துக் கூடும். மூக்கடைப்புக்குத் தரும் பல சளி மருந்துகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின், ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றக்கூடியது. மெத்தில்பெனிடேட்டோடு அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி எண்ணச் சொன்னேன். 110. டாக்டரிடம் கேட்டுச் சளி சிரப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள், மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து: 95. பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 128ஐ மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்தியிருந்தால், குற்றம் செய்யாத மருந்துக்குத் தண்டனை கிடைத்திருக்கும்.

எத்தனைக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடணும்?

குழந்தையோ பெரியவரோ, அமைதியாக உட்கார்ந்திருக்கையில் நாடி 120க்கு மேலேயே நின்றால் அளவைக் குறைத்து மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கிலாந்து வழிகாட்டியின் கோடு. இங்கும் பல மருத்துவர்கள் அதை ஒட்டியே போகிறார்கள். 'நின்றால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தடவை காட்டியதல்ல; ஓய்வெடுத்து மறுபடி எண்ணினாலும் இறங்காதது. பெரியவருக்கு ஓய்வில் நாள்தோறும் 100க்கு மேல் இருந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சொந்த அளவைவிட 20 அல்லது அதற்கு மேல் ஏறி, அப்படியே சில நாள் தொடர்ந்தால், எண் எவ்வளவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இவையெல்லாம் போன் போட்டுக் கேட்கலாம். காத்திருக்கக் கூடாதவை வேறு. விளையாடும்போது மயங்கி விழுந்தால், மார்பு வலியோடு மூச்சு வாங்கினால், சும்மா இருக்கும்போது திடீரென்று எண்ணவே முடியாத வேகத்தில் அடித்தால் 108ஐ அழைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைத் தாளக் கோளாறில் துடிப்பு 200ஐத் தாண்டும். விரல் வைத்தால் தனித்தனித் துடிப்பாகத் தெரியாது, ஒரே அதிர்வாக இருக்கும். அது மருந்தின் வழக்கமான ஏற்றம் இல்லை. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் கூட்டிப் போங்கள்.

எனக்கு 36 வயசு. இப்போதுதான் ஏடிஹெச்டி என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பார்ப்பதேதான் எனக்குமா?

நாடி அதேதான். கூடவே பிரஷரை விடாதீர்கள். முப்பதைத் தாண்டிய பலருக்குப் பிரஷர் ஏற்கெனவே எல்லையில் இருக்கும், அது தெரிந்திருக்காது. 136/86 இருப்பவருக்கு நாலு புள்ளி ஏறினால் அவர் 140 கோட்டுக்கு வந்துவிடுவார். வீட்டு பிரஷர் மெஷின் நாடியையும் சேர்த்தே காட்டும். முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுங்கள். அளவை மாற்றும்போதெல்லாம் முன்னும் பின்னும், நிலையான பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடமும் பார்க்க வேண்டும். இந்த ஆறு மாதக் கணக்கு குழந்தைகளுக்கும் பொருந்தும்.

பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது காபிக் கணக்கு. காலையில் டிகாக்ஷன் காபி, ஆபீஸில் இரண்டு டீ, மதியம் தூக்கம் வந்தால் இன்னொன்று. மருந்துக்கு முன் இது பழக்கம் என்பதால் தெரியாமல் இருந்திருக்கும். மருந்தோடு சேரும்போதுதான் படபடப்பு தெரிகிறது. பழி மாத்திரைக்குப் போகிறது. ஒரு வாரம் காபியைப் பாதியாக்கிவிட்டு எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டைத் தவறவிட்டு, தண்ணீரும் குடிக்காமல் வேலையில் மூழ்கிவிடுவதும் நாடியை ஏற்றும். இந்த மருந்து பசியைக் குறைப்பதால் அது எளிதில் நடக்கும்.

பெண்களில் மருந்துக்கு முன்பே நாடி 95, 100 என்று இருந்தால் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் 8 இருக்கிறவருக்கு இதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் இன்னும் விரட்டக் கூடாது.

அடாமாக்செடின் 'ஸ்டிமுலன்ட் இல்லை' என்றார்களே. அதற்கும் எண்ண வேண்டுமா?

வேண்டும். அடாமாக்செடினும் ஏடிஹெச்டி மருந்துதான், மெத்தில்பெனிடேட் போன்ற ஸ்டிமுலன்ட் வகையைச் சேர்ந்ததில்லை, அவ்வளவுதான். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. ஸ்டிமுலன்ட் இல்லை என்பதற்குப் பழக்கத்துக்கு அடிமையாக்காது என்பது பொருளே தவிர, இதயத்தைத் தொடாது என்பதல்ல. அது வேலை செய்வதே நார்அட்ரினலின் வழியாகத்தான். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நாடி 20 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது.

இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, தினமும் வந்து போகும் மருந்தல்ல இது. கவனத்தில் பலன் தெரியப் பல வாரம் ஆகும், நாடி ஏற்றமோ முதல் நாட்களிலேயே வரலாம். 'பலன் இல்லை, படபடப்பு மட்டும் இருக்கிறது' என்று தோன்றுவது அதனால்தான். இரண்டு, சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே இந்த மருந்தை மெதுவாகக் கரைக்கும். அவர்களுக்கு அதே அளவிலேயே மருந்து ரத்தத்தில் பல மடங்கு தேங்கும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்செடின், பராக்செடின் மாத்திரைகளும் இதே மாதிரி கரைவதைத் தடுக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர் அடாமாக்செடின் தொடங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் சிரப்போ மாத்திரையோ நெபுலைசரோ வைக்கும் பிள்ளைக்கும் அப்படியே; இரண்டும் சேர்ந்து இதயத்தை வேகப்படுத்தும்.

தூங்க குளோனிடின் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் 'இது பிரஷர் மாத்திரை ஆச்சே' என்கிறார். கொடுக்கலாமா?

அவர் சொல்வது உண்மை. டாக்டர் எழுதியதும் சரியே. பிரஷருக்காக வந்த பழைய மருந்து அது. ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குத் துறுதுறுப்பைக் குறைக்கவும் தூக்கத்துக்கும் பயன்படுகிறது. இதில் நாம் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும்: நாடி குறைகிறதா, எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா என்று. பள்ளி வயதுப் பிள்ளைக்கு விழித்திருக்கும்போது 60க்குக் கீழே போனாலோ, பகலில் எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலோ டாக்டரை அழையுங்கள். கடையில் கிடைக்கும் மாத்திரை 100 மைக்ரோகிராம். குழந்தைக்குப் பெரும்பாலும் அதில் பாதியோ காலோதான். உடைக்கும்போது ஒருநாள் காலுக்குப் பதில் முழுசாகப் போய்விட்டால், 'தூங்கட்டும்' என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாடியும் மூச்சும் இறங்கிவிடக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து திடீரென்று நிறுத்துவது. சில வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சட்டென நிறுத்தினால் பிரஷரும் நாடியும் முன்பு இருந்ததைவிட மேலே பாய்ந்துவிடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெற்றோர் நிறுத்தாமலே இது நடக்கும் ஒரு சூழ்நிலை உண்டு: வாந்தி பேதி. இரண்டு நாள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றால் மாத்திரையும் தங்கியிருக்காது. வாந்தி வந்த பிள்ளைக்கு ஓஆர்எஸ் கொடுப்பது எல்லோருக்கும் தெரிகிறது, 'குளோனிடினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்' என்று அவசரப் பிரிவில் சொல்வதற்கு மறந்துவிடுகிறார்கள்.

வருஷக்கணக்கில் சாப்பிட்டால் இதயம் கெட்டுவிடாதா?

2011ல் அமெரிக்காவில் 2 முதல் 24 வயதுவரை உள்ள 12 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். இந்த மருந்துகளை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் கூடியதாகத் தெரியவில்லை. மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த வயதில் இவை ஒரு லட்சம் பேருக்கு வருடத்தில் மூன்று என்ற அளவில்தான் இருந்தன. பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் அது நீண்ட கால உபயோகத்துக்கு முழுப் பதில் இல்லை. 2023ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, பல வருடம், அதுவும் கூடுதல் அளவில் சாப்பிட்டவர்களிடம் ரத்தக்கொதிப்பும் ரத்தக்குழாய் நோயும் சற்று அதிகம் இருப்பதைக் காட்டியது. மருந்துதான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அலட்சியப்படுத்தவும் முடியாது. ஆறு மாதப் பரிசோதனையை 'நல்லாத்தானே இருக்கான்' என்று தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இந்தக் காரணம் போதும். இன்றைய 96 பற்றிய கவலை இது இல்லை. பத்து வருடம் கழித்து இருக்கப்போகும் பிரஷர் பற்றியது.

ஸ்மார்ட் வாட்ச் கட்டி விட்டேன். கிரவுண்டில் கால்பந்து ஆடும்போது 178 காட்டுகிறது. மாத்திரையை நிறுத்தட்டுமா?

ஓடுகிற பிள்ளைக்கு 178 வரத்தான் செய்யும், மருந்தில்லாத பிள்ளைக்கும் அப்படித்தான். ஆட்டம் முடிந்து உட்கார்ந்த பிறகு சில நிமிஷத்தில் நன்றாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இறங்கினால் வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். மேலே சொன்ன சனிக்கிழமைக் காலை ஒரு நிமிஷக் கணக்கை நோட்டில் எழுதுங்கள்: தேதி, மாத்திரை அளவு, கொடுத்த நேரம், எண்ணிய நேரம், நாடி, அன்று காய்ச்சல் சளி ஏதாவது இருந்ததா. டாக்டர் கேட்பது அந்த நோட்டைத்தான்.